அம்மாவின் எண்பதாவது பிறந்தநாள் ஆல்பம்: பழைய படத்தில் இப்படித் தெரிந்தால் என்ன செய்வது

பழைய படத்தில் ஒரு குறை கண்ணில் பட்டதும் எல்லோரும் அதை அழிக்கும் கருவியைத்தான் தேடுவார்கள். அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் குறை எங்கிருந்து வந்தது? ஸ்கேன் செய்யும்போது வந்ததா, தாளின் மேல் படிந்ததா, தாளுக்குள் சாயம் மங்கியதா, இல்லை படத்தில் நிற்கும் ஆளுக்கே உரியதா? திரையில் நான்கும் ஒரே மாதிரித்தான் தெரியும். செய்ய வேண்டியது மட்டும் நான்குக்கும் வேறு.

இதை ஒரு ஆல்பத்தை வைத்தே சொல்கிறேன். திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி, மாசியில் எண்பது வயதாகும் தன் அம்மாவுக்காகச் செய்த ஆல்பம் அது. அந்தக் குடும்பம் இரண்டு முறை இடம்பெயர்ந்தது. நெகட்டிவ் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் கொஞ்சம் படங்களும், சாமி அறையில் கண்ணாடி போட்ட ஒரு பெரிய படமும்தான் மிச்சம். கடற்காற்றும் மாரிகால ஈரமும் அவற்றில் தங்கள் வேலையைக் காட்டியிருந்தன. அவளுக்குக் கைத்தொலைபேசியில் படத்தை வெட்டவும் வெளிச்சம் கூட்டவும் தெரியும், அவ்வளவுதான். நான் ஸ்டூடியோவில் டச்சிங், அதாவது படத்தின் குறைகளைத் திருத்தும் வேலை பார்த்தவன் என்பதால் பின்னேரங்களில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். காசில்லாமல் கிடைக்கும் GIMP என்ற மென்பொருளில்தான் எல்லாம் செய்தோம்.

## முகம் முழுக்க மணல் தூவியது போலத் தெரிகிறது

அவள் முதலில் கொண்டுவந்தது 1981இல் உப்புவெளிக் கடற்கரையில் எடுத்த கலர்ப் படம். அம்மா, அப்பா, இடுப்பில் கைக்குழந்தையாக அவள். ஸ்கேன் செய்து பெரிதாக்கினால் முகம், சேலை, வானம் எல்லாவற்றிலும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள், அதுவும் ஒழுங்கான வரிசையில்.

"அண்ணா, எல்லாம் பூஞ்சணம். ஒவ்வொன்றாக அழிக்க ஒரு மாதம் செல்லும்" என்றாள்.

படத்தைக் கையில் எடுத்து சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கச் சொன்னேன். தாளின் மேல் தேனடை போல நுண்ணிய மேடு பள்ளம் தெரிந்தது. அந்தக் காலத்து லாப்களில் இப்படிப் பொறித்த தாளில் அச்சிடுவது சாதாரணம். விரல் அடையாளம் படாது, பார்க்கவும் பட்டுப் போல இருக்கும். ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அடிப்பதால் ஒவ்வொரு மேட்டின் ஒரு பக்கம் மினுங்கும், மறுபக்கம் நிழல் விழும். படத்தில் பழுதே இல்லை. தாளின் மேற்பரப்பைத்தான் ஸ்கேனர் படம் பிடித்திருக்கிறது.

பொறிப்பா பூஞ்சணமா என்று பிரிப்பது எளிது. பூஞ்சணம் ஒழுங்காக வளராது. ஒரு மூலையில் அடர்த்தியாக இருக்கும், கிளை விடும், இன்னொரு மூலையில் இருக்கவே இருக்காது. பொறிப்பு தாள் முழுக்க ஒரே இடைவெளியில் இருக்கும்.

இதற்கு மங்கலாக்கும் வடிகட்டி எதுவும் போடக்கூடாது. புள்ளி போகும்போது கண்ணிமையும் சேர்ந்து போய்விடும். ஸ்கேன் செய்யும் முறையை மாற்றினால் போதும். படத்தை ஒரு முறை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு முறை ஸ்கேன் செய்யுங்கள். இரண்டாவதில் விளக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்ததாக ஆகிறது. முன்பு மினுங்கிய பக்கத்தில் இப்போது நிழல் இருக்கும். இரண்டையும் சரிபாதியாகக் கலந்தால் மினுக்கமும் நிழலும் ஒன்றையொன்று பெருமளவு அழித்துவிடும், முகம் அப்படியே நிற்கும்.

செய்யும் ஒழுங்கு இது. ஸ்கேனர் மென்பொருளில் தானாக நிறம் திருத்தும், கூர்மையாக்கும் தெரிவுகள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இரண்டு ஸ்கேனும் இரண்டு வெளிச்சத்தில் வந்து நிற்கும். அளவுக்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. அவளுடைய படம் மூன்றரைக்கு ஐந்து அங்குலம், ஆல்பத்தில் ஏழுக்குப் பத்தாக வர வேண்டும். அதாவது இரண்டு மடங்கு. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் தேவை, ஆகவே ஸ்கேன் 600 டிபிஐ. கோப்பை TIFF ஆகச் சேமியுங்கள்.

GIMPஇல் முதல் கோப்பைத் திறந்து, இரண்டாவதை File → Open as Layers மூலம் மேலே கொண்டுவாருங்கள். அந்த மேலடுக்கை Layer → Transform → Rotate 180° கொண்டு நேராக்குங்கள். அதன் Mode பெட்டியில் Difference என்று தெரிவு செய்தால் திரை இருண்டு, பொருந்தாத இடங்கள் மட்டும் கோடு கோடாக மினுங்கும். Move கருவியை எடுத்து அம்புக்குறி விசைகளால் ஒவ்வொரு பிக்சலாக நகர்த்தினால் கோடுகள் மெலிந்து, பெரும்பகுதி கறுப்பாகும். பொருந்திவிட்டது. Modeஐ மறுபடி Normal ஆக்கி, Opacityஐ 50க்குக் குறையுங்கள்.

ஒரு பக்கம் பொருந்தி மறுபக்கம் பொருந்தவில்லை என்றால், படம் கண்ணாடியில் சற்றுச் சரிந்திருக்கிறது. மென்பொருளில் மல்லுக்கட்டுவதைவிட, படத்தின் விளிம்பை ஸ்கேனர் ஓரத்தோடு ஒட்டி வைத்து மறுபடி ஸ்கேன் செய்வது சுகம். அவள் அப்படித்தான் செய்தாள். புள்ளிகள் முழுதாகப் போகவில்லை, ஆனால் ஆல்பத்தின் அளவில் அச்சிட்டபோது கண்ணுக்குத் தெரியவில்லை.

## கலர்ப் படம் முழுக்கச் சிவந்துவிட்டது

அதே கடற்கரைப் படத்தின் அடுத்த நோய் இது. கடல் ஊதாவாகவும், அப்பாவின் வேட்டி ரோசாவாகவும் மாறியிருந்தன.

கலர்த் தாளில் மூன்று சாயங்கள் இருக்கின்றன: சயான் எனும் நீலப்பச்சை, மஜெந்தா, மஞ்சள். அந்தக் காலத்துப் பல தாள்களில், வெளிச்சமே படாமல் பெட்டிக்குள் இருந்தாலும் சயான் சாயம் முதலில் மங்கும். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். சிவப்பு ஒளியைத் தடுத்துக்கொண்டிருந்தது சயான்தான். அது போனால் கறுப்பாக இருக்க வேண்டிய இடத்திலும் சிவப்பு வெளியே வந்துவிடும். ஆகவே படத்தில் சிவப்புக் கூடவில்லை, நீலப்பச்சை குறைந்திருக்கிறது.

இதை அறிந்தால் திருத்தமும் விளங்கும். Colors → Levels திறந்து, மேலே Channel என்ற இடத்தில் Red தெரிவு செய்யுங்கள். வரைபடத்தின் இடது பக்கம் வெறுமையாக இருக்கும், ஏனென்றால் சிவப்பில் இருண்ட இடமே மிஞ்சவில்லை. இடது ஓரத்தில் இருக்கும் கறுப்பு முக்கோணத்தை வரைபடம் தொடங்கும் இடம் வரை வலப்பக்கம் நகர்த்துங்கள். அப்புறம் வலது ஓரத்து வெள்ளை முக்கோணத்தையும் வரைபடம் முடியும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். Green, Blue இரண்டுக்கும் இதையே செய்யுங்கள். பாதி நோய் அங்கேயே தீர்ந்துவிடும். மிச்சத்துக்கு மறுபடி Redக்குப் போய், நடுவில் இருக்கும் சாம்பல் முக்கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் தள்ளுங்கள்.

எங்கே நிறுத்துவது? முகத்தைப் பார்த்து நிறுத்த வேண்டாம். தோல் நிறம் ஆளுக்கு ஆள் மாறும், நம் கண்ணும் சீக்கிரம் பழகிவிடும். வெள்ளை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருளைப் பிடியுங்கள். இங்கே அது வேட்டி. Color Picker கருவியால் வேட்டியின் ஒரு மடிப்பைத் தொட்டு எண்களைப் பார்த்தாள். முதலில் சிவப்பு 226, பச்சை 178, நீலம் 171. திருத்தியபின் 221, 219, 214. மூன்றும் நெருங்கிவிட்டால் வெள்ளை வெள்ளையாகிவிட்டது என்று அர்த்தம். அடுத்து தலைமுடியைப் பாருங்கள். அது பச்சையடித்தால் சிவப்பை அளவுக்கு மீறிக் குறைத்திருக்கிறீர்கள், சற்றுப் பின்னால் வாருங்கள்.

அம்மாவின் சேலை மட்டும் சரிவரவில்லை. திரையில் கருநீலமாக நின்றது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது மயில்கழுத்துச் சேலை பிள்ளை. நீ பிறந்த முப்பத்தொன்றுக்கு உடுத்தது" என்றார். சயான் சாயம் போன படத்தில் மயில்கழுத்து நிறம்தான் மிக மோசமாக அடிபடும், Levels கொண்டு அதை முழுதாக மீட்க முடியாது. ஆகவே அந்த இடத்தில் அம்மாவின் நினைவுதான் சான்று. இன்னும் நல்ல சான்று அலுமாரிக்குள் இருந்தது. சேலையை எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார்கள். சேலைப் பகுதியை மட்டும் Free Select கருவியால் சுற்றி வளைத்து, Select → Feather கொண்டு ஓரத்தை மென்மையாக்கி, Colors → Hue-Saturation உள்ளே Hue கோலைச் சற்றுப் பச்சைப் பக்கம் நகர்த்தினாள். சேலையின் நிறம் வந்தது. மடிப்புகளின் நிழலை அவள் தொடவில்லை, அதுவே சரி.

## கறுப்பு வெள்ளைப் படத்தில் மஞ்சள் கறையும் குங்குமமும்

சாமி அறைப் படம் அவளுடைய அம்மம்மாவும் அம்மப்பாவும் ஸ்டூடியோவில் அருகருகே நின்று எடுத்தது. வருடக்கணக்காகக் கண்ணாடியின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். மாரி ஈரத்தில் அது சட்டத்தின் இடுக்கால் உள்ளே இறங்கி, தாளில் மஞ்சளும் சிவப்புமாக வழிந்திருந்தது. தாள் கண்ணாடியோடு ஒட்டியும் விட்டது.

ஒட்டிய படத்தைப் பிய்க்காதீர்கள். படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் படலம்தான் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியில் நிற்கும், வெறும் தாள் கைக்கு வரும். கண்ணாடியோடே படம் பிடியுங்கள். வெளிப்புறத்தை மட்டும், நன்றாகப் பிழிந்த துணியால், ஓரத்தில் ஈரம் இறங்காமல் துடைக்கலாம்.

பிரின்டரோடு சேர்ந்து வரும் சாதாரண ஸ்கேனர்களில் பல, தன் கண்ணாடியை ஒட்டியிருப்பதை மட்டுமே கூர்மையாகப் பார்க்கும். நடுவில் இன்னொரு கண்ணாடி இருந்தால் மங்கிவிடும். அவளுக்கும் அப்படித்தான் வந்தது. ஆகவே படத்தைச் சுவரில் நேராக நிறுத்தி, இரு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு விளக்குகளை நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் வைத்து, கமராவைப் படத்துக்கு நேர் எதிரே தாங்கியில் நிறுத்தினோம். கண்ணாடியில் கமராவின் பிம்பம் விழாமல் இருக்க, ஒரு கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு முன்னால் தொங்கவிட்டோம்.

இனித்தான் முக்கியமான இடம். படம் கறுப்பு வெள்ளை என்றாலும் கலரிலேயே எடுங்கள், கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். மஞ்சள் கறை நீல ஒளியைத்தான் விழுங்கும், சிவப்பு ஒளியை அநேகமாக விட்டுவிடும். குங்குமமும் அப்படியே. ஆகவே கலர்ப் படத்தின் சிவப்பு அலைவரிசையை, அதாவது முன்பு Channel என்ற இடத்தில் பார்த்த Redஐ, மட்டும் தனியே எடுத்தால் அதில் கறை மிக மெல்லிதாகத்தான் இருக்கும். GIMPஇல் Colors → Components → Extract Component திறந்து, RGB Red தெரிவு செய்தால் போதும். தூரிகையே பிடிக்காமல் கறையில் பெரும்பகுதி போய்விடும். முதலிலேயே கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்திருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும். நீலப் பேனா மைக்குச் சிவப்பு உதவாது. அங்கே RGB Blue எடுத்துப் பாருங்கள்.

அவள் சிவப்பை எடுத்தாள். கறை போயிற்று. அம்மம்மாவின் நெற்றிப் பொட்டும் போயிற்று.

அந்தப் பொட்டு கமரா பிடித்தது அல்ல. சிவப்பையும் உணரும் பிலிமில் சிவப்புப் பொட்டு வெளிறி, தோலோடு கலந்து மங்கலாகத்தான் பதியும். அதனால் ஸ்டூடியோவில் அச்சிட்ட படத்தின் மேல் தூரிகையால் சிவப்புச் சாயம் வைத்திருக்கிறார்கள். சிவப்பு அலைவரிசைக்குக் குங்குமக் கறையும் ஒன்றுதான், கையால் வைத்த பொட்டும் ஒன்றுதான்.

இதைத் திருப்பிக் கொண்டுவரலாம். Extract Component செய்யும் முன்பே அடுக்கைப் பிரதி எடுத்து வையுங்கள், Layer → Duplicate Layer. கீழே இருப்பதில் மட்டும் சிவப்பை எடுங்கள். மேலே இருக்கும் கலர்ப் பிரதிக்கு Layer → Mask → Add Layer Mask கொடுத்து Black (full transparency) தெரிவு செய்தால் அது முழுக்க மறையும். வெள்ளை நிறத் தூரிகையால் நெற்றியில் பொட்டின் மேல் மட்டும் தடவினால் அந்த இடத்தில் மூலப் படம் வெளியே வரும், அதன் சிவப்போடு. அவள் அப்படியே விட்டாள். மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை, பொட்டு மட்டும் சிவப்பு. அந்த ஸ்டூடியோக்காரர் கொடுத்த படமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

கறை எடுக்கும்போது இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். திருத்தியதையும் திருத்தாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நெற்றி, மூக்குத்தி, தோடு, தாலி, சேலைக்கரை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கையால் நிறம் வைத்த இடங்கள் அவைதான்.

## கன்னத்தில் கறும்புள்ளி: அழிப்பதா, விடுவதா

ரின்னின் அடியில் இருந்தது இரண்டேகால் அங்குலச் சதுரப் படம். பின்னால் பென்சிலில் 1963 என்றும் கோணேஸ்வரம் என்றும் எழுதியிருந்தது. திருக்கோணேஸ்வரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்த ஆண்டு அது. அந்தக் கோயில் இருக்கும் சுவாமிமலையில் குடும்பமாக நிற்கிறார்கள். அம்மாவுக்கு அப்போது பதினெட்டு வயதளவில் இருக்கும், ஓரத்தில் அம்மப்பா. (படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து வையுங்கள். ஆண்டைச் சொல்வது பெரும்பாலும் அதுதான்.) ஆறேமுக்கால் அங்குலத்துக்குப் பெரிதாக்க 900 டிபிஐ போதும். 1200இல் எடுத்தோம்.

படம் முழுக்க வெள்ளைப் புள்ளி, கறும்புள்ளி. அவள் Filters → Enhance → Despeckle ஓட்டினாள். புள்ளிகள் போயின, முகங்கள் மெழுகாயின. சட்டையில் பிலிமின் மணித்தன்மை, அதாவது பிலிமுக்கே உரிய நுண்ணிய மணல் போன்ற தோற்றம், இருக்கிறது, கன்னத்தில் இல்லை. அதுதான் அடையாளம்: 100 வீதப் பெரிதாக்கத்தில் துணியையும் தோலையும் ஒப்பிடுங்கள், ஒன்றில் மணி இருந்து மற்றதில் இல்லாவிட்டால் வடிகட்டி தின்றிருக்கிறது. அதைத் தூக்கிவிட்டு, பிரதி அடுக்கில் Healing கருவியை எடுத்து ஒவ்வொரு புள்ளியாகத் தொடுவதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. தூரிகை புள்ளியைவிடச் சற்றே பெரிதாக இருக்கட்டும். Ctrl விசையை அழுத்திக்கொண்டு பக்கத்தில், அதே வெளிச்சமுள்ள தோலைத் தொட்டு மாதிரி எடுங்கள். மூக்கின் நிழலில் இருந்து எடுத்துக் கன்னத்தில் வைத்தால் அழுக்காகத் தெரியும்.

அவளுக்கு இப்போது கை பழகிவிட்டது. ஒரே இரவில் எல்லாப் புள்ளியையும் எடுத்து, மறுநாள் அம்மாவுக்குக் காட்டினாள். நானும் அங்கே இருந்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசி ஆளிடம் நின்றார்.

"இது ஆர், சின்னையாவோ?"

"அம்மப்பா அம்மா. உங்கட அப்பா."

"அப்பாவுக்கு இந்தப் பக்கம் மச்சம் எல்லோ இருக்கும். இது அவற்றை தம்பி போல இருக்கு."

அம்மப்பா இறந்தபோது அவள் பிறக்கவே இல்லை. அவள் அறிந்த முகம் சாமி அறைப் படத்தில் இருந்த முகம்தான். அதில் மச்சம் இல்லை. அதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கன்னத்துக் கறும்புள்ளியைப் பூஞ்சணம் என்று முடிவு செய்திருந்தாள். ஒப்பிட்டுப் பார்த்தது நல்ல வேலைதான், ஆனால் ஸ்டூடியோப் படத்தை அந்த விஷயத்தில் நம்ப முடியாது. அந்தக் காலத்தில் டச்சிங் என்றால் நெகட்டிவின் மேல் கூரிய பென்சில் பிடிப்பது. அச்சில் கறுப்பாக வரும் மச்சம் நெகட்டிவில் வெளிச்சமான புள்ளியாக இருக்கும். அதைப் பென்சிலால் மெல்ல மூடினால் அச்சில் மச்சம் மறையும். முகச் சுருக்கமும் பருவும் மச்சமும் கேட்காமலே எடுக்கப்பட்டன, அதுதான் நல்ல வேலை என்று எண்ணினோம். வீட்டுக் கமராப் படத்துக்கு அப்படி ஒருவரும் பென்சில் பிடிப்பதில்லை. ஆகவே மச்சத்தைச் சரிபார்க்க வீட்டுப் படத்தோடு வீட்டுப் படத்தைத்தான் ஒப்பிட வேண்டும்.

வேறு படம் இல்லாவிட்டால் தாளையே கேளுங்கள். படத்தைச் சன்னல் ஒளியில் சாய்த்து, புள்ளி இருக்கும் இடத்தில் தாளின் பளபளப்பைப் பாருங்கள். பூஞ்சணமும் ஈ எச்சமும் அழுக்கும் தாளின் மேல் இருப்பவை. அந்த இடத்தில் பளபளப்பு மங்கும், அல்லது மேடாகத் தெரியும். மச்சம் படத்துக்குள் இருப்பது, பளபளப்பு அதன் மேல் தடையில்லாமல் ஓடும். இரண்டாவது, ஓரத்தைப் பாருங்கள். மச்சத்தின் ஓரம் கண்ணும் உதடும் எவ்வளவு கூர்மையோ அவ்வளவுதான் இருக்கும். முகமே சற்று மங்கலாக இருக்கையில் ஒரு புள்ளி மட்டும் ஊசி முனை போலக் கூர்மையாக இருந்தால் அது முகத்தில் இருந்ததல்ல. வெள்ளைப் புள்ளிகளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அவை அச்சிடும்போது நெகட்டிவில் இருந்த தூசி ஒளியைத் தடுத்ததால் வந்தவை, தயங்காமல் எடுக்கலாம்.

இன்னும் ஒன்று உண்டு. மச்சம் ஒரு படத்தில் இடக் கன்னத்திலும் இன்னொன்றில் வலக் கன்னத்திலும் தெரிந்தால், எதோ ஒன்றில் நெகட்டிவைப் புரட்டி அச்சிட்டிருக்கிறார்கள். சட்டைப்பையைப் பாருங்கள். அது நெஞ்சின் இடப்பக்கம் இருக்க வேண்டும். மாறியிருந்தால் Image → Transform → Flip Horizontally.

1963 படத்தைச் சாய்த்துப் பார்த்தோம். அம்மப்பாவின் கன்னத்தில் பளபளப்பு உடையவில்லை. அவள் பிரதி அடுக்கில் வேலை செய்திருந்ததால் மச்சம் கீழடுக்கில் பத்திரமாக இருந்தது. மேலடுக்குக்கு அதே Add Layer Mask வழியாக White (full opacity) கொடுத்து, கறுப்புத் தூரிகையால் கன்னத்தில் ஒரு முறை தொட்டாள். மச்சம் வந்தது.

"ஓம், இது அப்பா" என்றார் அம்மா. பிறகு சாமி அறைப் பக்கம் பார்த்து, "அதிலையும் வைக்கலாமோ பிள்ளை?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். கோணேஸ்வரப் படத்திலிருந்து Clone கருவியால் மச்சத்தை எடுத்து அங்கே வைப்பது ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்தப் படத்தில் வெளிச்சம் வேறு பக்கத்திலிருந்து விழுகிறது, மணித்தன்மையும் வேறு, மச்சம் ஒட்டவைத்தது போலத்தான் நிற்கும். அதோடு, அந்தத் தாளில் ஒருபோதும் இல்லாத ஒன்றை நாங்கள் சேர்க்கிறோம். வேண்டாம் என்று சொன்னேன். இரண்டு படத்தையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைக்கலாம் என்று அவள் சொன்னாள். அம்மா சம்மதித்தார்.

## பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது

கலியாணப் படம் கனடாவில் இருக்கும் அவளுடைய தம்பியிடம் இருந்தது. அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பின் நீளப்பக்கம் 1600 பிக்சல். 300ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஐந்தேகால் அங்குலம், அதற்கு மேல் அச்சிட இடமில்லை. முகங்களைச் சுற்றிக் கட்டங்கள் வேறு. இதை GIMPஇல் திருத்த முயல வேண்டாம். படத்தை ஸ்கேன் செய்து, வாட்ஸ்அப்பில் படமாக இல்லாமல் Document என்ற தெரிவில் அனுப்பச் சொல்லுங்கள், கோப்பு சுருங்காமல் வரும். தம்பியும் அப்படி அனுப்பினார். தாலியின் கொடி வரை தெரிந்தது.

## திரையில் நன்றாக இருந்த படம் அச்சில் இருண்டு வருகிறது

அநேகமாக அச்சில் பிழை இருக்காது. மடிக்கணினித் திரை முழு வெளிச்சத்தில் எரியும்போது இருண்ட படமும் நல்ல படமாகத் தெரியும். திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பகல் வெளிச்சத்தில் பிடித்து, திரையின் வெள்ளை தாளின் வெள்ளையளவுக்கு இறங்கும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். பிறகு திருத்துங்கள்.

ஆல்பம் முழுவதையும் ஒரேயடியாக அச்சிடக் கொடுக்காதீர்கள். அவள் அம்மாவின் முகத்தை மட்டும் வெட்டி, வெளிச்சத்தில் மூன்று நிலைகளாக, நாலுக்கு ஆறு அளவில் மூன்று தனித்தனி JPEG கோப்புகளாக்கிக் கடைக்குக் கொண்டுபோனாள். முதல் தடவை மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்தன, பொட்டின் சிவப்பும் மங்கியிருந்தது. கடை இயந்திரம் ஒவ்வொரு படத்தையும் தானாகத் திருத்தி அச்சிட்டிருக்கிறது. தானியங்கித் திருத்தத்தை நிறுத்தி அச்சிடச் சொன்னபின் மூன்றும் மூன்றாக வந்தன. மூன்றையும் கடை விளக்கின் கீழ் பார்க்காமல் வெளியே, நிழலில் நின்று பார்த்து நடுவில் இருந்ததைத் தெரிவு செய்தாள். அந்த அளவை மற்ற எல்லாப் படத்துக்கும் போட்டாள்.

கொடுக்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு கோப்பு வைத்துக்கொண்டாள்: திருத்தாத ஸ்கேன் ஒன்று, அடுக்குகளோடு GIMP தானே சேமிக்கும் XCF ஒன்று. இரண்டின் பிரதியும் கனடாவுக்குப் போயிற்று. தம்பி கலியாணப் படத்தில் அப்பாவின் காதோர நரையைக் கறுப்பாக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். மூலத்தில் நரை இருக்கிறது, இருக்கட்டும் என்று பதில் எழுதினாள்.